பழைய வீடு, புது அறை: நடுவில் ஓர் அங்குலம்

இருபது வருட வீட்டின் பக்கவாட்டில் ஓர் அறை சேர்க்கிறோம். பெயின்ட் அடித்து முடித்த அன்று சுவர் பளிச்சென்று இருக்கும். இரண்டு மழைக்காலம் போனதும் பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு தெரியும். பட்டி வைத்து அடைத்தால் மறுபடி அங்கேயே திறக்கும். கொத்தனாரைக் குறை சொல்வோம். ஆனால் பெரும்பாலும் காரணம் மண்தான்.

எந்தக் கட்டடமும் தன் பாரத்தால் மண்ணை அழுத்திச் சிறிது இறங்கும். மணற்பாங்கான இடத்தில் அந்த இறக்கம் கட்டும்போதே ஏறக்குறைய முடிந்துவிடும். களிமண்ணில் அப்படியில்லை. மண்ணுக்குள் இருக்கும் நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறினால்தான் மண் இறுகும். அதற்கு வருடக்கணக்கில் ஆகும். பழைய வீடு இறங்க வேண்டியதெல்லாம் எப்போதோ இறங்கி முடித்துவிட்டது. புது அறை இப்போதுதான் இறங்கத் தொடங்குகிறது. இரண்டையும் பிணைத்தால் இழுபடும் இடம் வெடிக்கும்.

நம் ஊர்களில் பழைய சுவரைக் கொத்தி, பல் விட்டுப் புதுச் செங்கலை அதில் சொருகுவார்கள். பழைய சுவரில் துளையிட்டுக் கம்பி செருகுவதும் உண்டு. புதுத் தளத்தின் ஒரு பக்கத்தைப் பழைய சுவர் மேலேயே உட்கார வைப்பதும் உண்டு. களிமண் நிலத்தில் இவை மூன்றுமே தவறு என்பேன். கம்பி போட்டால் பிடிக்கும் என்ற நம்பிக்கையில் செய்கிறார்கள். இறங்கும் மண்ணைக் கம்பி நிறுத்தாது. விரிசலை இணைப்பிலிருந்து பழைய சுவருக்குள் நகர்த்தும், அவ்வளவுதான்.

பன்னிரண்டடி அகலம், பதினான்கடி நீளத்தில் ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். பழைய வீட்டின் கடைக்கால் நான்கடி ஆழம். அது சுவரைவிட அகலமாக, வெளிப்பக்கம் ஓரடி நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஒட்டிக் குழி எடுத்தால் பழைய சுவர் நிற்கும் மண்ணே தளர்ந்துவிடும். அதனால் அந்தப் பக்கத்து இரண்டு காலங்களைச் சுவரிலிருந்து மூன்றரை அடி தள்ளி நிறுத்த வேண்டும். நான்கடிச் சதுர ஃபுட்டிங் போட்டாலும் பழைய சுவருக்கு ஒன்றரை அடி இடம் மிஞ்சும். பழைய கடைக்காலைவிட ஆழமாகத் தோண்டக் கூடாது. குழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கான்கிரீட் போட்டு மூடிய பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும்.

காலத்துக்கும் பழைய சுவருக்கும் நடுவே உள்ள அந்த மூன்றரை அடியை, காலத்திலிருந்து வெளியே நீளும் பீம்கள் தாங்கும். அப்படி நீளும் பீமில் முக்கியக் கம்பி மேல்பக்கம் வரவேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பியைக் கீழே அமுக்கிவிடுவது சாதாரணமாக நடப்பது. பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய நேரம் அதுதான். பலகை பிரிக்கும்போதும் முனையில் தொடங்கிக் காலத்தை நோக்கி வரவேண்டும்.

பீம், தளம், பக்கச் சுவர் எதுவும் பழைய சுவரைத் தொடக் கூடாது. ஓர் அங்குல இடைவெளி கீழிருந்து மேல்வரை ஒரே நேராக வரவேண்டும். வார்க்கும்போது அந்த இடத்தில் தெர்மாகோல் அட்டை நிறுத்தலாம். பிறகு வெளிப்பக்கம் நுரைக் கயிறு திணித்து, இழுபடும் சீலன்ட் பூச வேண்டும். சிமென்ட் வைத்து அடைத்தால் இடைவெளி விட்டதே வீண். உள்ளே தெரியாமல் மறைக்க அலுமினியப் பட்டை போதும், ஆனால் அதன் ஒரு பக்கத்துக்கு மட்டுமே திருகு. வாசலில் இரண்டு தரைக்கும் சேர்த்து ஒரே டைல் ஒட்டக் கூடாது. மொட்டை மாடியில் புதுத் தளத்தின் ஓரத்தில் ஆறங்குலத் திண்டு எழுப்பி, பழைய கைப்பிடிச் சுவரில் பதித்த தகடு அதன் மேல் மடிந்து தொங்கும்படி விட்டால் மழைநீர் இறங்காது.

கரிசல் மண்ணில் மட்டும் இது போதாது. அந்த மண் மழைக்கு உப்பி, கோடையில் சுருங்கும். அங்கே அடியில் குமிழ் போல விரிந்த பைல் அடித்தளம் தேவைப்படும்; சுமார் மூன்றரை மீட்டர் ஆழம் போவது வழக்கம்.

ஏற்கெனவே ஒட்டிக் கட்டியவர்கள் விரிசலைப் பார்த்தே நோயைச் சொல்லலாம். மேலே அகலம், கீழே மெலிவு என்றால் அறையின் தூரத்து முனை அதிகம் இறங்குகிறது. தரை டைல் இணைப்பில் படிபோல் இறங்கியிருந்தால் அறை மொத்தமாகவே இறங்குகிறது. விரிசலின் இரு பக்கமும் பென்சிலில் புள்ளி வைத்து, இடைவெளியை மாதாமாதம் அளந்து எழுதி வையுங்கள். ஒரு வருடம் அளவு மாறாமல் இருந்த பிறகு பூசினால் போதும்.

புதிதாகக் கட்டப் போகிறவர்கள், அந்த ஓர் அங்குலத்தைக் கடைக்கால் முதல் மாடி வரை வரைபடத்திலேயே குறித்துத் தரும்படி பொறியாளரிடம் கேளுங்கள். கான்கிரீட் இறுகிய பிறகு அதை விட இடமில்லை.