அலகுகள் வேறாயின் பரவலை ஒப்பிடுவது எவ்வாறு?

கோலசிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே குலை எடையின் சராசரி 20 கிலோ, திட்ட விலக்கம் 4 கிலோ. மாத மழையின் சராசரி 150 மில்லிமீட்டர், திட்ட விலக்கம் 60 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். கிலோவையும் மில்லிமீட்டரையும் நேரே ஒப்பிட இயலாது. திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்கினால் அலகு நீங்கிவிடும். அதுவே மாறுபாட்டுக் கெழு. குலைக்கு அது 20 விழுக்காடு, மழைக்கு 40. ஆகவே மழையின் ஏற்றத்தாழ்வே இருமடங்கு.

வெப்பநிலைக்கு இம்முறை பொருந்தாது. சராசரி 27 செல்சியஸ், விலக்கம் 0.5 எனில் கெழு ஏறத்தாழ 1.9 விழுக்காடு, அதையே பாரன்ஹீட்டில் 80.6, 0.9 என எழுதினால் 1.1 ஆகிறது. வெப்பம் மாறவில்லை, சுழியத்தின் இடமே மாறிற்று. 'ஒன்றுமில்லை' எனப் பொருள்படும் சுழியம் உடைய அளவைகளுக்கே இக்கெழு உரியது.

சிறும-பெரும அளவாக்கமோ, ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் சிறுமத்தைக் கழித்து வீச்சால் வகுக்கிறது. எவ்வலகிலும் விடை ஒன்றே. ஆயினும் எல்லாத் தொகுதிகளும் 0 முதல் 1 வரை நீட்டப்படுவதால், எதன் வீச்சு பெரிது என்னும் செய்தி அழிந்துவிடுகிறது. வெள்ளம் கண்ட ஒரு மாதமே ஏனைய மாதங்களைச் சுழியத்தருகே ஒடுக்கிவிடும். எனவே ஒரு மாதம் தன் தொகுதியில் எங்கே நிற்கிறது என்றறியவே அதனை நாடுவோம். பரவலை அறியக் கெழுவையே நாடுவோம்.