அறிவித்தலைப் பேச்சுக்கு மாற்றுதல்

எமது கல்லூரி அலுவலகத்திலிருந்து வரும் அறிவித்தல்களைப் பெற்றோருக்குக் குரல்வழிச் செய்தியாக மாற்றிக் கொடுக்கும் வேலையில் நானும் ஒருத்தியாக இருந்து வருகிறேன். எழுத்துத் தமிழில் உள்ளதைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றுவது மிக இலகுவான காரியம் என்றுதான் பலர் நினைக்கின்றார்கள். 'வேண்டும்' என்பதை 'வேணும்' ஆக்கினால் போதுமென்பது அவர்களது எண்ணம். அது ஏன் போதாது என்பதை ஓர் உதாரணத்தைக் கொண்டு விளக்குகிறேன். பின்வரும் அறிவித்தல் இக்கட்டுரைக்காக நானே எழுதியது. ஆனாலும் இதன் நடை உங்களுக்குப் பழக்கமானதாகவே இருக்கும்.

"தரம் 10இல் கல்வி பயிலும் மாணவிகளுள் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டியோர், முறையாகப் பூர்த்தி செய்யப்பட்ட விண்ணப்பப்படிவத்தினைப் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி மற்றும் நிழற்பிரதியுடன் மார்ச் 14ஆம் திகதிக்கு முன்னர் வகுப்பாசிரியரிடம் ஒப்படைத்தல் வேண்டும். மூலப்பிரதி பரிசீலனையின் பின்னர் மீளக் கையளிக்கப்படும். பெற்றோர் ஒருவரின் கையொப்பம் இடப்படாத படிவங்களும், உரிய திகதியின் பின்னர் கிடைக்கப்பெறும் படிவங்களும் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா."

இதில் சொற்களின் ஈறுகளை மட்டும் மாற்றினால், "முறையாப் பூர்த்தி செய்யப்பட்ட விண்ணப்பப்படிவத்த மூலப்பிரதி நிழற்பிரதியோட ஒப்படைக்கணும்" என்று வரும். ஓசை பேச்சுப் போலிருந்தாலும் அமைப்பு இன்னும் எழுத்தாகவே இருக்கிறது. கேட்கும் உம்மாவுக்கு இதனால் பெரிய உதவி எதுவுமில்லை.

காரணம் வாக்கியத்தின் கட்டமைப்பில் இருக்கிறது. அறிவித்தலின் முதல் வாக்கியத்தில் யார், எதை, எவற்றுடன், எப்போது, யாரிடம் என்ற ஐந்து செய்திகள் வந்து முடிந்த பிறகே 'ஒப்படைத்தல் வேண்டும்' என்ற வினை வருகிறது. வாசிப்பவர் விளங்காவிட்டால் மேலே போய் மறுபடி வாசிக்கலாம். கேட்பவரோ வினை வரும்வரை ஐந்தையும் மனதில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே முதல் வேலை, நீண்ட வாக்கியத்தை உடைத்து, ஒரு செயலுக்கு ஒரு வாக்கியம் என்று அமைப்பது. வாக்கியங்களின் ஒழுங்கும் செய்ய வேண்டிய ஒழுங்காகவே இருக்க வேண்டும். கையொப்பம் பற்றிய செய்தி எழுத்தில் கடைசியில்தான் வருகிறது. ஆனால் வீட்டில் படிவத்தை நிரப்பும்போதே கையொப்பம் இட வேண்டியிருப்பதால், பேச்சில் அது முன்னுக்கு வர வேண்டும்.

இரண்டாவது வேலை, மறைந்திருக்கும் ஆளை வெளியே கொண்டுவருவது. 'கையளிக்கப்படும்', 'ஏற்றுக்கொள்ளப்படமாட்டா' என்னும்போது அதைச் செய்பவர் யார் என்பது தெரிவதில்லை. பேச்சில் 'படு' சேர்ந்த இந்த வினைகள் அரிதாகவே வரும். அங்கே 'தருவோம்', 'எடுக்க மாட்டோம்' என்று சொல்ல வேண்டும். அதேபோல 'கையொப்பம் இடப்படாத படிவங்கள்' என்பது பெயருக்கு முன்னால் கட்டப்பட்ட ஒரு நிபந்தனை. பேச்சில் அதை அவிழ்த்து 'சைன் இல்லாட்டி' என்று நிபந்தனையாகவே சொல்ல வேண்டும்.

மூன்றாவதுதான் மிகவும் கவனமாகச் செய்ய வேண்டியது. நடை மாறலாம், கட்டாயத்தின் அளவு மாறக்கூடாது. அறிவித்தல்களில் 'கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள்' என்பது வேண்டுகோள், 'வேண்டும்' என்பது கடமை, 'ஏற்றுக்கொள்ளப்படமாட்டா' என்பது மறுப்பு. பேச்சிலும் இம்மூன்றுக்கும் தனித்தனி வடிவங்கள் இருக்கின்றன. 'குடுங்க' என்பது பணிவாகக் கேட்பது, 'குடுக்கணும்' என்பது கடமை, 'எடுக்க ஏலாது' என்பது மறுப்பு. மரியாதையாகப் பேசுகிறோம் என்றெண்ணி 'பதிமூணுக்குள்ள குடுத்தா நல்லம்' என்று சொல்லிவிட்டால், கட்டாயம் விருப்பமாகிவிடுகிறது. அதைக் கேட்ட பெற்றோர் ஆறுதலாகப் பதினைந்தாம் திகதி படிவத்தைக் கொடுத்து விட்டால், அந்தப் பிள்ளையின் படிவம் திரும்பி வரும். பிழை அவர்களுடையதல்ல.

திகதியிலும் இதே ஆபத்து உண்டு. '14ஆம் திகதிக்கு முன்னர்' என்றால் சொல்லின்படி 13ஆம் திகதியே கடைசி நாள். ஆனால் பலர் 14ஐயும் சேர்த்தே விளங்கிக்கொள்கிறார்கள். எழுதியவரும் அப்படி நினைத்தே எழுதியிருக்கக்கூடும். மாற்றி எழுதுபவர் இதை ஊகித்து எழுதக்கூடாது. கையொப்பமிட்டவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பேச்சில் 'கடைசி நாள் இதுதான்' என்று ஒரே நாளைச் சொல்ல வேண்டும். இங்கே 13தான் கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அறிவித்தல் இப்படி அமையும்:

"தரம் பத்துல படிக்கிற புள்ளைகள்ட உம்மா வாப்பாமாருக்கு ஒரு அறிவித்தல். உங்கட புள்ளைக்கு ஐடென்டிட்டி கார்ட்டுக்கு இன்னும் போடல்லண்டா, இதக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. முதல்ல போம நிரப்புங்க. உம்மாவோ வாப்பாவோ ஒரு ஆள் அதுல சைன் வைக்கணும். சைன் இல்லாட்டி நாங்க போம எடுக்க மாட்டோம். போமோட புள்ளட பேர்த் சேர்ட்டிபிகேட் ஒரிஜினலயும், அதுட போட்டோ கொப்பி ஒண்டயும் சேத்துக் குடுக்கணும். ஒரிஜினலப் பாத்துட்டுத் திருப்பித் தருவோம். எல்லாத்தையும் மார்ச் பதிமூணாந் திகதிக்குள்ள வகுப்பு டீச்சர்ட்ட குடுக்கணும். பதிமூணுதான் கடைசி நாள். அதுக்குப் பொறகு வந்தா எடுக்க ஏலாது."

மூலப்பிரதி, நிழற்பிரதி என்ற இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். எந்தப் பிரதி திரும்பி வரும் என்பதுதான் பெற்றோரின் பயம் என்பதால், வீட்டில் வழங்கும் 'ஒரிஜினல்', 'போட்டோ கொப்பி' என்ற சொற்களையே எடுத்தேன். இன்னொன்றையும் கவனியுங்கள். 'இருக்கிறது' என்பதைச் சில ஊர்களில் 'இரிக்கி' என்பர், வேறு சில ஊர்களில் 'ஈக்கி' என்பர். பல ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரியில் ஓர் ஊரின் பேச்சை மட்டும் எடுத்தால் மற்ற ஊரார் அதைப் பகிடியாக எடுப்பார்கள், செய்தி பின்னுக்குப் போய்விடும். அதனால்தான் மேலுள்ள செய்தியில் அந்த வினையே வரவில்லை.

பேச்சை எழுத்தாக்கும்போது இதே வேலை மறுதலையாக நடக்கும். 'நாளைக்குத் தண்ணி வராதாம், புள்ளைகள் போத்தல்ல கொண்டரணும்' என்று ஒருவர் சொன்னால், எழுத்தில் 'நாளை' என்பது நிற்காது. பலகையில் ஒட்டிய தாளை மறுநாளும் வாசிப்பார்கள். அதனால் திகதியும் கிழமையும் எழுத வேண்டும். 'வராதாம்' என்பதில் உள்ள 'ஆம்' யாரோ சொன்னதாகக் காட்டுகிறது. எழுத்தில் அதை உறுதிப்படுத்தி 'நீர் விநியோகம் தடைப்படும்' என்று எழுத வேண்டும். 'கொண்டரணும்' என்பது 'கொண்டு வருதல் வேண்டும்' ஆகும். பன்மை எழுவாய்க்குப் பன்மை வினை வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். 'படிவங்கள் கிடைத்தது' என்பது பேச்சில் குற்றமில்லை, எழுத்தில் 'கிடைத்தன' என்றே வர வேண்டும்.

மாற்றியது சரிதானா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. அறிவித்தலை முன்பு பார்க்காத ஒருவருக்கு அதை ஒரே தடவை வாசித்துக் காட்டுங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்னென்ன கொடுக்க வேண்டும்? கடைசி நாள் எது? பிந்தினால் என்ன நடக்கும்? மூன்றுக்கும் அவர் சொல்லும் பதில்களை மூல அறிவித்தலோடு வைத்துப் பாருங்கள். ஒன்றிலாவது வித்தியாசம் இருந்தால், அந்த இடத்தைத் திருத்தி எழுதிய பின்னரே அனுப்புங்கள்.