யாருடைய இரவு?

நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைக்கிறார்கள். அதே வாரம் சென்னையில் பல ஐ.டி. ஊழியர்களின் இரவு 10 மணி மீட்டிங் 11 மணிக்குப் போய்விடுகிறது. யாரும் அதை மாற்றவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் மேனேஜர் தன் ஊர் நேரப்படி காலை 9.30 என்று காலண்டரில் ஒரு முறை குறித்துவைத்தார். அவருக்கு அது எப்போதும் காலை 9.30தான். இந்தியாவில் கோடை நேரம், குளிர்கால நேரம் என்ற ஏற்பாடே கிடையாது என்பதால் மாற்றம் முழுவதும் சென்னையின் தலையில் விழுகிறது.

இந்த வழக்கத்தை விட்டு, எல்லா ஊரும் முறைவைத்துச் சிரமப்படுவோம் என்று முடிவெடுக்கும் குழுக்களும் உண்டு. அந்த முடிவை அறிவிக்கும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை. ஆனால் அதற்குப் பின்னால் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. கணக்கைப் போடாமல் நல்லெண்ணத்தோடு மட்டும் எழுதப்படும் கடிதங்கள் முதல் குளிர்காலத்திலேயே உடைந்துவிடுகின்றன.

சான் பிரான்சிஸ்கோ, லண்டன், சென்னை என்று மூன்று ஊர்களில் ஆட்கள் இருக்கும் ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். வாரம் ஒரு மணி நேர மீட்டிங். கோடையில் சென்னை லண்டனைவிட நாலரை மணி நேரமும், சான் பிரான்சிஸ்கோவைவிடப் பன்னிரண்டரை மணி நேரமும் முன்னால் இருக்கிறது. மூன்று ஊருக்கும் அலுவலக நேரமாக அமையும் ஒரு மணி நேரம் இந்த அமைப்பில் இல்லவே இல்லை. ஆகவே யாராவது சிரமப்பட்டே தீர வேண்டும்.

சிரமத்தை அளக்க எளிய புள்ளிமுறை ஒன்று போதும். காலை 8 முதல் மாலை 7 வரை புள்ளி இல்லை. காலை 6 முதல் 8, மாலை 7 முதல் 9 என்றால் ஒரு புள்ளி. இரவு 9 முதல் 11 என்றால் இரண்டு. இரவு 11 முதல் காலை 6 வரை எவருக்கும் மீட்டிங் கிடையாது. இந்த வரம்புக்குள் மூன்று நேரங்கள் தேறுகின்றன.

முதலாவது, சென்னையில் இரவு 10 மணி. அப்போது சான் பிரான்சிஸ்கோவில் காலை 9.30, லண்டனில் மாலை 5.30. சென்னைக்கு இரண்டு புள்ளி, மற்ற இருவருக்கும் ஒன்றுமில்லை. இரண்டாவது, சான் பிரான்சிஸ்கோவில் இரவு 10 மணி. லண்டனில் அது மறுநாள் காலை 6, சென்னையில் காலை 10.30. இப்போது அமெரிக்கருக்கு இரண்டு புள்ளி, லண்டனுக்கு ஒன்று. மூன்றாவது, சென்னையில் இரவு 7.30. சான் பிரான்சிஸ்கோவில் காலை 7, லண்டனில் பிற்பகல் 3. இரு முனைகளுக்கும் ஒவ்வொரு புள்ளி.

மாதம் ஒரு நேரமாக மூன்று மாதச் சுற்று வைத்தால் சென்னைக்கு மூன்று, சான் பிரான்சிஸ்கோவுக்கு மூன்று, லண்டனுக்கு ஒன்று. பழைய ஏற்பாட்டில் இதே மூன்று மாதங்களில் சென்னைக்கு ஆறு புள்ளி, மற்ற இருவருக்கும் பூஜ்யம்.

லண்டனுக்கு ஏன் ஒன்று மட்டும்? அது நடுவில் இருப்பதால். லண்டனை இரவு 10 மணிக்கு உட்காரவைத்தால் சென்னையில் அதிகாலை 2.30 ஆகிவிடும். சமமாகக் காட்ட வேண்டும் என்பதற்காக இன்னொருவரை நடுநிசியில் எழுப்புவதில் அர்த்தமில்லை. அதைவிட, லண்டன்காரர்களுக்கு வேறொரு பொறுப்பைக் கொடுக்கலாம். மூன்று மாதமும் மீட்டிங் குறிப்பை எழுதி, முடிவுகளைத் தொகுத்து எல்லோருக்கும் அனுப்பும் வேலை அவர்களுடையது. இந்த ஏற்றத்தாழ்வைக் கடிதத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மூடி மறைத்தால் இரண்டாவது மாதமே யாராவது கணக்குப் பார்த்துக் கேட்பார்கள்.

அப்படிப்பட்ட கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“அன்புள்ள குழுவினருக்கு, நம்முடைய புதன்கிழமை மீட்டிங் இதுவரை சான் பிரான்சிஸ்கோவின் வசதிக்காகவே நடந்துவந்தது. சென்னை நண்பர்கள் ஒவ்வொரு வாரமும் இரவு 10 மணிக்கு உட்கார்ந்தார்கள்; குளிர்காலத்தில் 11 மணிக்கு. இனி அப்படி இராது. ஜூன் மாதம் சென்னையில் இரவு 10 மணி, ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் இரவு 10 மணி, ஆகஸ்டில் சென்னையில் இரவு 7.30 என்று மாதந்தோறும் நேரம் சுழலும். செப்டம்பரில் மறுபடி முதலிலிருந்து. ஜூலை மீட்டிங் சான் பிரான்சிஸ்கோவுக்குச் செவ்வாய் இரவு, மற்ற இரு ஊருக்கும் புதன் காலை. இரவு 10 மணிக்கு உட்காருபவர் மறுநாள் இரண்டு மணி நேரம் தாமதமாக வேலையைத் தொடங்கலாம். அனுமதி கேட்க வேண்டாம். வர முடியாதவர்கள் மீட்டிங்குக்கு முன்பே கருத்தை எழுதி அனுப்பலாம். எந்த முடிவும் 24 மணி நேரம் கழித்தே உறுதியாகும்.”

கிழமையையும் யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும். மீட்டிங்கைத் திங்கள் என்று வைத்திருந்தால், சென்னையின் திங்கள் காலை 10.30 சான் பிரான்சிஸ்கோவில் ஞாயிறு இரவு. வெள்ளி என்றால் சென்னைக்காரரின் வார இறுதி இரவு 11 மணிக்குத்தான் தொடங்கும். செவ்வாயும் புதனும் பாதுகாப்பானவை.

அதைவிட முக்கியம், நேரம் எந்த ஊர்க் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது. அந்த மாதம் யார் அதிகம் சிரமப்படுகிறாரோ அவருடைய கடிகாரம்தான் அசையாமல் இருக்க வேண்டும். ஆகவே சென்னை இரவு மாதத்துக்கான காலண்டர் அழைப்பைச் சென்னை நேரத்திலும், அமெரிக்க இரவு மாதத்துக்கானதைச் சான் பிரான்சிஸ்கோ நேரத்திலும் தனித்தனியே போட வேண்டும். மூன்றாவது நேரத்தைச் சென்னையின் 7.30-இல் நிறுத்தினால் குளிர்காலத்தில் அமெரிக்கருக்குக் காலை 6 மணி ஆகும். கஷ்டம்தான், ஆனால் வரம்புக்குள் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் ஓர் இடத்தில் கணக்கு இடிக்கும். அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரே நாளில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. 2026-இல் அமெரிக்கா மாறிய நாள் மார்ச் 8, பிரிட்டன் மாறிய நாள் மார்ச் 29. திரும்பி வருவது பிரிட்டனில் அக்டோபர் 25, அமெரிக்காவில் நவம்பர் 1. இடைப்பட்ட வாரங்களில் சான் பிரான்சிஸ்கோவின் இரவு 10 மணி லண்டனில் காலை 5 மணி. மேலே உள்ள சுழற்சியில் அமெரிக்க இரவு அக்டோபரிலும் வருவதால், அம்மாதக் கடைசி மீட்டிங்கை மட்டும் சென்னை இரவு 7.30-க்கு மாற்றுகிறோம் என்று கடிதத்திலேயே தேதியோடு எழுதிவிடுவது நல்லது.

இந்த யோசனை பெரிய அளவில் நடைமுறைக்கும் வந்திருக்கிறது. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு தன் கூட்டங்களை வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா என்று மாற்றி மாற்றி நடத்துவது வழக்கம். 2020-இல் கொரோனா வந்து எல்லாம் இணையவழிக்கு மாறியபோதும் அந்தச் சுழற்சியை அது கைவிடவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் பாங்காக்கில் நடக்க இருந்த கூட்டத்தைப் பாங்காக் நேரப்படியே நடத்தியது. அங்கே பகல், நியூயார்க்கில் நடுநிசி. பயணமே இல்லாதபோதும் நேரத்தின் சுமையை முறைவைத்துச் சுமந்தார்கள்.

சுழற்சி உண்மையில் நடக்கிறதா, பெயருக்கு இருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க வருகைப் பதிவைப் பார்த்தாலே போதும். அமெரிக்க இரவு மாதத்தில் மட்டும் மேனேஜர் வராமல் இருந்தால், அல்லது முக்கியமான விவாதங்கள் எல்லாம் சென்னை இரவு மாதத்துக்கே தள்ளிப்போனால், பழைய ஏற்பாடு பின்வாசல் வழியாகத் திரும்பிவிட்டது என்று பொருள். ‘இந்த வாரம் மட்டும்’ என்று நேரத்தை மாற்றக் கேட்பது யார் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். கோரிக்கைகள் ஒரே ஊரிலிருந்து வந்தால், ஆறு மாதம் கழித்து நடக்கும் மறுபரிசீலனையில் பேச வேண்டிய முதல் விஷயம் அதுதான்.