தக்காளி நசுங்காமல் எடுக்கும் ரோபோ விரல்

தக்காளியைக் கையில் எடுக்கும்போது எவ்வளவு அழுத்த வேண்டும் என்று நாம் யோசிப்பதில்லை. அந்த வேலையை ஒரு மோட்டாரிடம் கொடுத்தபோதுதான் அதிலுள்ள சிக்கல் எனக்குப் புரிந்தது. என் முதல் கிரிப்பருக்கு "இத்தனை டிகிரி மூடு" என்று கட்டளை கொடுத்திருந்தேன். சின்னத் தக்காளி நழுவி விழுந்தது. பெரிய தக்காளி பிதுங்கியது. கோணத்தைப் பார்த்து நிறுத்தியதுதான் தவறு; அழுத்தத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும்.

மீன் துடுப்பு போன்ற விரல்

மீன் துடுப்பின் பக்கவாட்டில் அழுத்தினால், அது அழுத்தும் விரலை நோக்கியே வளையும். இதைப் பார்த்து உருவானதுதான் 'ஃபின் ரே' விரல். இரண்டு நீண்ட சுவர்கள் நுனியில் சேர, நடுவே ஏணிப்படி போல் குறுக்குச் சட்டங்கள் இருக்கும். வளையும் டிபியு பிளாஸ்டிக்கில் முப்பரிமாண பிரிண்டரில் இதை அச்சிடலாம். பழத்தைத் தொட்டதும் விரல் அதைச் சுற்றி வளைந்து, அழுத்தத்தை ஒரே புள்ளியில் குவிக்காமல் பரப்பிவிடும். ஆனால் எவ்வளவு அழுத்துகிறோம் என்று மென்மையான விரலுக்குத் தெரியாது. அதற்குத்தான் சென்சார்.

எவ்வளவு அழுத்த வேண்டும்?

முதலில் தக்காளி எவ்வளவு வழுக்கும் என்று பார்ப்போம். ஒரு பலகையில் டிபியு பட்டையை ஒட்டுங்கள். உருளாமல் இருக்க மூன்று தக்காளிகளை டேப்பால் ஒன்றாகக் கட்டி அதன்மேல் வையுங்கள். டேப் பட்டையில் படக் கூடாது. பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். தக்காளி சறுக்கத் தொடங்கும்போது, பலகையின் உயரத்தைத் தரையில் அது அடைக்கும் நீளத்தால் வகுத்தால் உராய்வு எண் கிடைக்கும். உயரம் 13 செ.மீ., நீளம் 26 செ.மீ. என்றால் 0.5. பனியில் நனைந்த பழத்துக்கு இந்த எண் மாறும் என்பதால் ஈரத் தக்காளியிலும் ஒரு முறை செய்யுங்கள். இரண்டில் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விரல்களும் சேர்ந்து தாங்குவதால், பழத்தின் எடையை உராய்வு எண்ணின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 90 கிராம் தக்காளிக்கு 90 ÷ (2 × 0.5) = 90. அதாவது ஒவ்வொரு விரலும் 90 கிராம் எடைக்குச் சமமாக அழுத்தினால் போதும். தூக்கும்போது ஏற்படும் குலுக்கலுக்காக இதை இரு மடங்காக்கி 180 கிராம் என்று வைத்தேன்.

சென்சாரை இணைத்தல்

நான் பயன்படுத்தியது எஃப்.எஸ்.ஆர். எனப்படும் தட்டையான வட்ட சென்சார். அழுத்தினால் இதன் மின்தடை குறையும். ஒரு காலை ஆர்டுயினோ போர்டின் 5V-இலும் மற்றதை A0-இலும் இணையுங்கள். A0-க்கும் GND-க்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள். போர்டை யுஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்து, புரோகிராமின் loop பகுதியில் இதைத் தாருங்கள்:

```
int v = analogRead(A0);
Serial.println(v);
if (v < limit && pos < 120) {
  pos++;
  finger.write(pos);
}
delay(50);
```

சர்வோ மோட்டார் ஒவ்வொரு டிகிரியாக மூடும். அழுத்தம் limit எண்ணைத் தொட்டதும் நின்றுவிடும். நடுவில் பழமே இல்லையென்றால் 120 டிகிரியில் நிற்கும்.

limit எண்ணைக் கண்டுபிடிக்கச் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். மோட்டாரை இணைக்காமல், தக்காளியைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். விரலின் சென்சார் பகுதியால் அதை மெதுவாக அழுத்துங்கள். தராசு 180 காட்டும்போது Serial Monitor திரையில் ஓடும் எண்தான் உங்கள் limit. இந்த எண் சென்சாருக்குச் சென்சார் மாறும். ஒரே அழுத்தத்தில் வைத்திருந்தாலும் மெல்ல ஏறும். எனவே அழுத்திய உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

நான் ஏமாந்த இடம்

சென்சாரை நேராக மென்மையான சுவரில் ஒட்டியபோது, பழத்தைச் சரியாகப் பிடிக்கும் முன்பே மோட்டார் நின்றது. விரல் வளைந்ததில் சென்சாரும் வளைந்து, அதையே அழுத்தம் என்று காட்டியது. சென்சார் அளவுக்கு ஒரு கெட்டியான பிளாஸ்டிக் வில்லையை அடியில் ஒட்டியதும் சரியானது. சோதிப்பது சுலபம்: சென்சாரைத் தொடாமல் விரல் நுனியை வளையுங்கள். எண் பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும்.

எடுத்த தக்காளியை உடனே பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். உள்காயம் அப்போது தெரியாது. பிடித்த இடத்தைப் பேனாவால் குறித்து, இரண்டு நாள் கழித்துத் தொட்டுப் பாருங்கள். அந்த இடம் மட்டும் கொழகொழத்திருந்தால் limit எண்ணைக் குறையுங்கள்.

இந்தக் கணக்கு தட்டில் இருக்கும் பழத்தைத் தூக்குவதற்கு மட்டுமே. செடியிலிருந்து பறிக்கக் காம்பை அறுக்கும் விசையும் வேண்டும். அதற்காக இன்னும் இறுக்கினால் பழம் நசுங்கும். கிரிப்பரைத் திருகி எடுப்பதோ, காம்பைக் கத்தரிப்பதோதான் வழி.