மளிகைக் கடைக்கு போனில் பணம்: அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மா,

அண்ணாச்சி கடையில் பில் 347 ரூபாய் என்று வைத்துக்கொள். போனில் பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்து, ஸ்கேன் என்பதைத் தொட்டு, கல்லாப் பக்கம் இருக்கும் க்யூஆர் அட்டைக்கு நேரே பிடி. திரையில் ஒரு பெயர் வரும். கடைப் பெயர் வராமல் அண்ணாச்சியின் பெயர் வந்தாலும் பயப்படாதே. கணக்கு அவர் பெயரில் இருக்கலாம். ஆனாலும், "இது உங்க பேர்தானே அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொள். கடை அட்டையின் மேலேயே தங்கள் அட்டையை ஒட்டி ஏமாற்றுகிறவர்கள் உண்டு.

பிறகு 347 என்று அடித்து, தொகையை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, யுபிஐ ரகசிய எண்ணை நீயே போடு. கடைப் பையனிடம் சொல்லிப் போடச் சொல்லாதே. அந்த எண் பணம் கொடுக்கத்தான். வாங்குவதற்குத் தேவையே இல்லை. "உங்களுக்குப் பணம் வரும், எண்ணைப் போடுங்க" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடு.

சில சமயம் Pending என்று நின்றுவிடும். உடனே மறுபடி அனுப்பினால் இரண்டு தடவை போய்விடலாம். பேங்க் மெசேஜைப் பார். உன் கணக்கில் கழிந்தும் அண்ணாச்சிக்கு வரவில்லை என்றால், நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல். போய்ச் சேராத பணம் பெரும்பாலும் தானாகவே உன் கணக்குக்குத் திரும்பிவிடும்.