பூட்டிக் கிடக்கும் தோட்டத்து வீட்டுக்கு என்ன காப்பீடு?

சென்னையில் வேலை பார்ப்பவர் மதுராந்தகம் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்குகிறார். ஒரு சின்ன வீடு கட்டி, சுற்றிலும் கம்பிவேலி போட்டு, தென்னையும் மாவும் வைக்கிறார். மாதம் ஒரு ஞாயிறு போய் வருகிறார். காப்பீடு என்று வரும்போது, நகரத்தில் தான் குடியிருக்கும் வீட்டுக்கு எடுத்த அதே பாலிசியைத் தோட்டத்து வீட்டுக்கும் எடுத்துவிடுகிறார். அந்த பாலிசி, ஆள் குடியிருக்கும் வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆண்டில் முந்நூறு நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அது அப்படியே பொருந்தாது.

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டைத் தருகின்றன. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், மரம் விழுதல் போன்றவற்றால் வரும் சேதம் இதில் அடங்கும். திருட்டு இதில் தனியாக இல்லை. புயலோ தீயோ நடந்து, அதன் விளைவாக ஏழு நாளுக்குள் திருட்டுப் போனால் மட்டுமே பணம் உண்டு. சாதாரண நாளில் பூட்டை உடைத்துத் திருடினால், திருட்டுக் காப்பீட்டைத் தனியாக எடுத்திருந்தால்தான் கிடைக்கும்.

அந்தத் திருட்டுக் காப்பீட்டில்தான் காலி வீட்டுக்கான கட்டுப்பாடு வருகிறது. தொடர்ந்து இத்தனை நாள் இரவும் பகலும் ஆள் இல்லாமல் இருந்தால் இழப்பீடு கிடையாது என்று ஒரு வரி இருக்கும். வழக்கமான பழைய பத்திரங்களில் இது ஏழு நாள். வேறு சிலவற்றில் முப்பது, அறுபது என்று மாறும். பழைய தீக்காப்பீட்டுப் பத்திரத்திலும் முப்பது நாளுக்கு மேல் கட்டடம் காலியாகக் கிடந்தால் நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. உங்கள் பாலிசியில் எத்தனை நாள் என்று பார்த்துவிட்டு, ‘இது எப்போதாவது பயன்படுத்தும் வீடு’ என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். நிறுவனம் அதை ஏற்று பாலிசியில் ஒரு குறிப்பாகச் சேர்த்துத் தர வேண்டும். ஏஜென்ட் வாய்வழியாகச் சொன்னது இழப்பீடு கேட்கும் நாளில் செல்லாது.

நிறுவனம் ஏற்கும்போது பெரும்பாலும் காவலாள் நிபந்தனை ஒன்று சேரும். ‘முழுநேரக் காவலாள் இருக்கிறார்’ என்ற கட்டத்தில் யோசிக்காமல் டிக் அடிப்பவர்கள் நிறையப் பேர். பக்கத்து ஊரிலிருந்து காலையில் வந்து தண்ணீர் பாய்ச்சிவிட்டு மாலையில் வீடு திரும்புகிறவர் தோட்டக்காரர். அவர் இரவுக் காவலாள் ஆக மாட்டார். திருட்டு நடந்தபின் வரும் சர்வேயர், அவர் எங்கே படுத்தார், சம்பளம் எப்படிக் கொடுத்தீர்கள், அந்த மாதம் மின் அளவு எத்தனை யூனிட் என்று கேட்பார். காவலாள் அங்கேயே தங்குவதாக எழுதிவிட்டு மீட்டர் இரண்டு மாதத்துக்கு ஐந்து யூனிட் காட்டினால், பதில் சொல்வது கஷ்டம். ‘பகலில் மட்டும் ஆள் வருவார், இரவில் யாரும் இல்லை’ என்று உள்ளதைச் சொல்லிக் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டுவதே நல்லது. தங்கியிருக்கும் காவலாள் பொங்கலுக்குச் சொந்த ஊர் போய் இரண்டு வாரம் வராவிட்டாலும், வேலையை விட்டே போனாலும், அன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்.

காவலாள் தொடர்பாக இன்னும் இரண்டு விஷயம் பலருக்குத் தெரியாது. திருடியவர் காவலாளாகவே இருந்தால், அல்லது அவர் உடந்தையாக இருந்தால், திருட்டுக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. வீட்டு ஆட்களால் நேரும் இழப்பு அதில் விலக்கு. அவர் தென்னை ஏறி விழுந்தாலோ கிணற்றுக்குள் தவறினாலோ, அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் வரக்கூடும். வீட்டுப் பணியாளர் விபத்துக்கான பகுதி சில தொகுப்பு பாலிசிகளில் உண்டு, கேட்டால்தான் சேர்ப்பார்கள். எந்நேரமும் கிணற்றடியிலும் மோட்டார் அறையிலும் நிற்கிற மனிதருக்கு இதைச் செய்யாமல் விடுவது நியாயமில்லை.

வேலி, கிணறு, மரம் மூன்றும் என்ன ஆகும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். 800 சதுர அடி வீடு. சதுர அடிக்கு 2,000 ரூபாய் கட்டுமானச் செலவு என்றால் 16 லட்சம். இரண்டு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 1,180 அடி. கல்தூண் நட்டுக் கம்பிவேலி போட அடிக்கு 150 ரூபாய் என்று வைத்தால் 1,77,000 ரூபாய். டிசம்பரில் ஒரு புயல். வேலி 200 அடி சாய்கிறது. வேப்ப மரம் முறிந்து தாழ்வாரக் கூரை மேல் விழுந்து கதவையும் பெயர்த்துவிடுகிறது. கிணற்றின் கல்கட்டு ஒரு பக்கம் சரிகிறது. 40 தென்னையில் 12 வேரோடு போகிறது. நான்காம் நாள் உடைந்த கதவு வழியே யாரோ நுழைந்து டி.வி.யை எடுத்துப் போகிறார்கள்.

கூரைக்கும் கதவுக்கும் பணம் உண்டு. டி.வி.க்கும் உண்டு. கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால் அதன் தொகையில் 20 சதவீதம் வரை, 10 லட்சத்துக்கு மிகாமல், உள்ளே இருக்கும் பொருள்களுக்குத் தானாகவே காப்பு வருகிறது. திருட்டும் புயலின் விளைவாக ஏழு நாளுக்குள் நடந்திருக்கிறது. பத்தாம் நாள் போயிருந்தால் கிடைத்திருக்காது. விழுந்த மரத்தை அகற்றும் செலவுக்கு இழப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம்தான். ஒரு லட்சத்துக்கு 2,000 ரூபாய். கிரேன் வாடகைக்குக்கூட அது காணாது.

வேலியும் கேட்டும் சுற்றுச்சுவரும் இந்த பாலிசியில் கட்டடத்தின் கூடுதல் அமைப்புகளாகவே வருகின்றன. ஆனால் வீட்டின் மதிப்பு பரப்பளவை வைத்துப் போடப்படுகிறது. அதற்குள் வேலி வராது. அந்த 1,77,000 ரூபாயைத் தனியாக அறிவித்திருந்தால் 200 அடிக்கு 30,000 ரூபாய் கேட்க வழி உண்டு. அறிவிக்காவிட்டால் வீண் வாதம்தான்.

கிணறு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது, கிணறு இல்லை. ஆகவே ‘கல்கட்டுக் கிணறு, ஆழம் இவ்வளவு, மதிப்பு இவ்வளவு’ என்று அட்டவணையில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுதினாலும், வெள்ளத்தால் சரிந்தால் ஒரு கதை; தூர் வாரும்போதோ பக்கத்தில் தோண்டும்போதோ சரிந்தால், அல்லது கட்டு பலவீனமாக இருந்து சரிந்தால் வேறு கதை. பின்னவை விலக்கு. தண்ணீர் வற்றுவதற்கு வீட்டுக் காப்பீட்டில் இடமே இல்லை. மோட்டாருக்கு விவசாயப் பம்ப்செட் பாலிசி தனியாக உண்டு.

மரங்கள் வீட்டு பாலிசிக்குள் வராது. மரம் விழுந்து வீடு உடைந்தால் வீட்டுக்குத்தான் பணம். தென்னைக்கு மட்டும் தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டம் என்று ஒரு வழி உண்டு. அதன் கணக்குப்படி 16 முதல் 60 வயதுள்ள மரத்துக்கு 1,750 ரூபாய். பிரீமியம் 14 ரூபாய், அதில் விவசாயி பங்கு கால்வாசி, அதாவது மூன்றரை ரூபாய். மரம் முழுதாகப் போனால்தான் பணம். காய் உதிர்ந்ததற்கு இல்லை. முதல் சில மரங்களின் இழப்பையும் உரிமையாளரே ஏற்க வேண்டும். 2018 கஜா புயலில் அரசு நிவாரணமாக ஒரு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் கொடுத்தது. காய்க்கும் தென்னையின் உண்மையான மதிப்புக்கு இவை எட்டவே எட்டாது. உங்கள் வட்டாரத்தில் திட்டம் இந்த ஆண்டு நடக்கிறதா என்று வேளாண் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாமரத்துக்கு அதுவும் பொருந்தாது.

கடைசியாக ஒன்று. இன்று பல தோட்டத்து வீடுகள் வார இறுதி விருந்துக்கு வாடகைக்குப் போகின்றன. அப்படிக் கொடுக்கத் தொடங்கினால் வீட்டின் பயன்பாடே மாறிவிடுகிறது. குடியிருப்புக்கு எழுதிய பாலிசியில் அதை முன்கூட்டியே தெரிவித்து, தேவைப்பட்டால் வேறு பாலிசிக்கு மாற வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விருந்தாளியின் குழந்தை விழுந்தால் வரும் பொறுப்பும் இதில் அடங்காது. பொதுப் பொறுப்புக் காப்பீட்டைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் கிணற்றுக்கு மூன்றடி உயரச் சுவரும் மேலே இரும்பு வலையும் போட்டுவிடுங்கள்.