அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது?

2001 ஜனவரியில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் மருத்துவமனையொன்றில், நரம்பில் ஏற்ற வேண்டிய வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து 18 வயது இளைஞரின் முதுகுத்தண்டில் செலுத்தப்பட்டது. அடுத்த மாதம் அவர் இறந்தார்.

முடிவு தெரிந்த பிறகு எழுதுகிறவருக்கு, "மருத்துவர் லேபிளைக் கவனிக்கத் தவறினார்" என்ற வரிதான் முதலில் வரும். அந்த வரி எதையும் விளக்குவதில்லை. லேபிளைப் பார்த்தும் அவருக்கு ஏன் சந்தேகம் எழவில்லை என்பதல்லவா கேள்வி? பேராசிரியர் பிரையன் டாஃப்ட்டின் விசாரணை அறிக்கை அதைத்தான் தேடியது. முதுகுத்தண்டுக்கான மருந்தும் நரம்புக்கான மருந்தும் ஒரே நேரத்தில் வார்டில் கைக்கெட்டும்படி இருந்தன. மேற்பார்த்த மருத்துவர் அந்தப் பணிக்குப் புதியவர். எல்லாவற்றுக்கும் மேலாக, நரம்புக்கான சிரிஞ்சு முதுகுத்தண்டு ஊசியிலும் கச்சிதமாகப் பொருந்தியது.

ஆகவே அறிக்கையாளர் நிகழ்வுகளை நேர வரிசையில், ஒவ்வொரு கட்டத்திலும் அவரவர் கண்ணில் பட்டதை மட்டும் வைத்து எழுத வேண்டும். "செய்திருக்க வேண்டும்" என்று பேனா எழுதினால் அங்கே நிறுத்தி, அன்று செய்தது ஏன் சரியாகப்பட்டது என்று கேட்க வேண்டும். "கவனமாக இருங்கள்" என்பது பரிந்துரையே அல்ல. வின்கிறிஸ்டினைச் சிரிஞ்சில் தராமல் சிறிய சலைன் பையில் கலந்து தருவதே பரிந்துரை. உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்கிறது.